ஆண்டு விழா டிக்கெட்டும் புதுச் சேர்க்கையும்: ஒரே கேப்ஷனில் போடலாமா?

தில்லைநகர் அம்மா | ஆகஸ்ட் 4, 2025

திருச்சியில் என் பொண்ணு படிக்கிற பரதநாட்டியப் பள்ளிக்கு இன்ஸ்டாகிராம் பக்கத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஆகஸ்ட் 31 ஞாயிறு ஆண்டு விழா. விஜயதசமிக்கு (அக்டோபர் 2) புது வகுப்பும் ஆரம்பம். டீச்சர் இரண்டையும் சேர்த்தே போடச் சொன்னார்கள். நான் போட்டது இது:

"கலையும் பக்தியும் கைகோர்க்கும் இனிய மாலைப்பொழுது! எங்கள் நாட்டியப் பள்ளியின் ஆண்டு விழாவுக்கு அனைவரும் வருக! குட்டிக் கலைஞர்களின் நடனத்தைக் கண்டு களித்து வாழ்த்துங்கள். டிக்கெட்டுகள் விற்பனையில். புதிய வகுப்புகளுக்குச் சேர்க்கையும் நடைபெறுகிறது. விவரங்களுக்கு இன்பாக்ஸில் தொடர்பு கொள்ளவும்."

போட்டதிலிருந்து இன்பாக்ஸ் நிரம்பி வழிகிறது. பாதிப் பேர் கேட்பது "கட்டணம் எவ்வளவு?" என்று மட்டும். டிக்கெட்டா, வகுப்பா என்று தெரியவில்லை. ஒருவருக்கு டிக்கெட் 200 ரூபாய் என்று பதில் போட்டேன். அவர் மாதக் கட்டணம் 200 என்று எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு நேரில் வந்துவிட்டார். வகுப்புக்கு மாதம் 1,200. டீச்சர் சமாளிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

நல்ல கேப்ஷன் எப்படி எழுதுவது? இரண்டையும் பிரித்துவிடவா?

வாசல்மேசை | ஆகஸ்ட் 4

பிரித்துவிடுங்கள். சென்னையில் ஒரு நாட்டியப் பள்ளியின் அலுவலக வேலையும், விழா நாளில் வாசலில் டிக்கெட் மேசையும் பல வருடமாக என் பொறுப்பு. உங்களுக்கு வந்த "கட்டணம் எவ்வளவு" எங்களுக்கும் வந்ததுதான்.

இந்த கேப்ஷனைப் படிப்பவர்கள் இரண்டு தரப்பு. முதல் தரப்பு, ஏற்கெனவே படிக்கிற பிள்ளைகளின் வீட்டார். அவர்களுக்குப் பள்ளி தெரியும், டீச்சரைத் தெரியும். எத்தனை டிக்கெட் கிடைக்கும், எப்படி வாங்குவது, தன் பிள்ளை எத்தனை மணிக்கு ஆடும், இவ்வளவுதான் அவர்களுக்கு வேண்டும். இரண்டாவது தரப்புக்கு உங்களையே தெரியாது. பிள்ளைக்கு என்ன வயசு இருக்கணும், எந்தக் கிழமை, எத்தனை மணி, மாதம் எவ்வளவு, வேறு என்ன செலவு என்று பார்ப்பார்கள். முதல் தரப்புக்கு அவசரம் நாலு வாரம். இரண்டாவது தரப்புக்கு இரண்டு மாதம் இருக்கிறது. ஒரே பத்தியில் இரண்டையும் வைத்தால் இரண்டு பேருமே இன்பாக்ஸுக்குத்தான் வந்தாக வேண்டும்.

இப்போது டிக்கெட்டை மட்டும் போடுங்கள். சேர்க்கையை விழா முடிந்த வாரத்தில் போடுங்கள். மேடைப் படங்கள் கையில் இருக்கும், பார்த்துவிட்டு வந்தவர்களுக்கும் ஆசை சூடாக இருக்கும்.

இன்னொன்று. "கலையும் பக்தியும் கைகோர்க்கும்" நல்ல வரிதான், ஆனால் முதல் வரியில் வேண்டாம். இன்ஸ்டாவில் ஓடுகிறபோது முதல் இரண்டு வரியோடு கேப்ஷன் மடிந்துவிடும். தேதி, நேரம், இடம், டிக்கெட் விலை நான்கும் அந்த இரண்டு வரியில் உட்கார வேண்டும்.

மதுரை அப்பா | ஆகஸ்ட் 5

கேப்ஷனுக்கு 2,200 எழுத்து வரை இடம் இருக்கிறதே, எல்லாவற்றையும் தாராளமாக எழுதலாம். எதற்கு இரண்டு பதிவு?

வாசல்மேசை | ஆகஸ்ட் 5

2,200 சரி. ஆனால் தமிழில் அது நாம் நினைக்கிற 2,200 இல்லை. புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். பரதநாட்டியம் நமக்கு 8 எழுத்து, அங்கே 12. அதைவிட, இடம் இருந்தாலும் மடிப்பைத் திறந்து படிக்கிறவர்கள் குறைவு. எழுத இடம் எவ்வளவு என்பதைவிட, திறக்காமலே கண்ணில் படுவது எவ்வளவு என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

கேப்ஷனில் ஒட்டுகிற இணைய முகவரியைத் தொட்டால் திறக்காது என்பதையும் மனசில் வையுங்கள். முன்பதிவுப் படிவம் வைத்திருந்தால் முகவரியைப் பக்கத்தின் முகப்பில் போட்டு, "முகப்பில் உள்ள இணைப்பைத் தொடவும்" என்று எழுதுங்கள். வாட்ஸப் குழுவில் அதே செய்தியைப் போடும்போது இணைப்பை நேராக ஒட்டலாம். அதனால் இரண்டுக்கும் ஒரே வாசகத்தை நகலெடுக்காதீர்கள்.

பாலக்கரை பாட்டி | ஆகஸ்ட் 5

அரங்கேற்றத்துக்கெல்லாம் டிக்கெட் போட்டு விற்பார்களா? எங்கள் காலத்தில் பத்திரிகை அடித்து வீடு வீடாகப் போய் அழைப்போம். என் பேத்தி அரங்கேற்றத்துக்கு அப்படித்தான் செய்தோம், சாப்பாடும் போட்டோம்.

வயலின்காரர் | ஆகஸ்ட் 5

பாட்டி, இது அரங்கேற்றம் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து ஆடுகிற ஆண்டு விழா. அரங்கேற்றம் இன்னமும் அழைப்பிதழ் வைத்துத்தான் நடக்கிறது, செலவும் அந்த ஒரு வீட்டினுடையது. ஆண்டு விழாவில் மண்டப வாடகை, ஒலி, ஒளி, பக்கவாத்தியம் எல்லாம் பள்ளியின் தலையில் விழும். டிக்கெட் போடுவது அதற்காக.

கோவை ஆடிட்டர் பையன் | ஆகஸ்ட் 6

டிக்கெட் என்று காசு வாங்கினாலே ஜிஎஸ்டி கட்டணும். கவனம்.

கணக்குப்பிள்ளை | ஆகஸ்ட் 6

தம்பி, பாதிதான் சரி. நடன நிகழ்ச்சிக்கான நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 500 ரூபாய்க்குள் இருந்தால் ஜிஎஸ்டி விலக்கு. இவர்கள் வைத்திருப்பது 200. அதற்கு முன்னால், பள்ளியின் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் சேவைக்கான பதிவு என்ற பேச்சே வரும். இந்தப் பள்ளி அங்கே வராது என்று நினைக்கிறேன். உள்ளாட்சிக் கேளிக்கை வரி தனி. அதை மாநகராட்சியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

தில்லைநகர் அம்மா | ஆகஸ்ட் 6

நன்றி. மண்டபம் 320 இருக்கை. மாணவிகள் 72 பேர். ஒரு பிள்ளைக்கு எத்தனை டிக்கெட் என்று கேப்ஷனில் போடணுமா? "இருக்கைகள் குறைவு, முந்துங்கள்" என்று போட்டால் போதாதா?

வாசல்மேசை | ஆகஸ்ட் 7

போதாது. எல்லா நிகழ்ச்சிக்கும் எல்லாரும் அதையே எழுதுகிறார்கள், அதனால் யாரும் நம்புவதில்லை. எண்ணைப் போடுங்கள். அதற்கு முதலில் காகிதத்தில் கணக்கு முடிய வேண்டும்.

320-இல் ஆரம்பியுங்கள். சிறப்பு விருந்தினர், டீச்சரின் குரு வீட்டார், பக்கவாத்தியக்காரர்களின் குடும்பம் இவர்களுக்கு முன்வரிசையில் 20 ஒதுக்குங்கள். நடுப்பாதைக்குப் பக்கத்தில் வீடியோக் கேமரா முக்காலி நிற்கும், அதன் பின்னால் இருக்கிற 10 இருக்கையிலிருந்து மேடை தெரியாது. அவற்றை விற்காதீர்கள். 200 ரூபாய் கொடுத்தவர் கேமராக்காரர் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் வாசலில் சண்டை வரும். மீதி 290. பிள்ளைக்கு மூன்று என்றால் 72-க்கு 216. மிச்சம் 74. அதில் 14-ஐ விழா நாளில் வாசலில் கொடுக்க வைத்துக்கொண்டால் வெளியாருக்கு 60.

இது முடிந்தபின் கேப்ஷன் தானாக வரும்: "மாணவி ஒருவருக்கு 3 டிக்கெட், ஆகஸ்ட் 17 வரை. 18-ஆம் தேதி முதல் பொதுமக்களுக்கு 60 டிக்கெட்." இதைப் படித்தால் வீட்டாருக்கும் கடைசி நாள் தெரியும், வெளியாருக்கும் எப்போது கேட்பது என்று தெரியும்.

தில்லைநகர் அம்மா | ஆகஸ்ட் 7

பட்டியலைப் பார்த்தேன். அக்கா தங்கையாக 11 ஜோடி இருக்கிறார்கள். அப்படியென்றால் 61 வீடுதான்.

வாசல்மேசை | ஆகஸ்ட் 7

நல்லதாயிற்று. அப்போது "மாணவிக்கு 3" என்று எழுதாமல் "வீட்டுக்கு 3" என்று எழுதுங்கள். 61 வீட்டுக்கு 183. முன்பு போட்ட 216-இல் 33 மிச்சம். அந்த 33-ஐ உடனே பொதுவில் திறக்காதீர்கள். தாத்தா பாட்டி இரண்டு பக்கமும் வருகிற வீட்டில் நாலாவது, ஐந்தாவது டிக்கெட் கேட்பார்கள். "கூடுதல் டிக்கெட் வேண்டுவோர் 17-ஆம் தேதிக்குள் பெயர் கொடுக்கவும்" என்று ஒரு வரி. மிஞ்சினால் 18-ஆம் தேதி பொதுவுக்குப் போகட்டும்.

மடியில் வைத்துக்கொள்கிற குழந்தைக்கு டிக்கெட் வேண்டுமா என்று கட்டாயம் கேட்பார்கள். நாங்கள் 4 வயது வரை மடி, அதற்கு மேல் டிக்கெட் என்று வைத்திருக்கிறோம். எந்த வயசு வைத்தாலும் சரி, எழுதிவிடுங்கள்.

புத்தூர் தங்கச்சி | ஆகஸ்ட் 8

என் பொண்ணு ஆடுறதைப் பார்க்க நான் எதுக்கு டிக்கெட் வாங்கணும்? மாசம் ஃபீஸ் கட்டுறோம், டிரஸ் வாடகை கட்டுறோம், மேக்கப்புக்குத் தனியா கட்டுறோம். இதுல 600 ரூபாய் டிக்கெட் வேற. எங்க பள்ளியில போன வருஷம் இதைக் கேட்டதுக்கு முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க.

வயலின்காரர் | ஆகஸ்ட் 8

உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் இலவசம் என்று விட்ட விழாக்களிலும் வாசித்திருக்கிறேன். பத்து பேர் வருகிறேன் என்று சொல்லி இரண்டு பேர் வருவார்கள், அல்லது இரண்டு பேர் என்று சொல்லிப் பத்து பேர் வந்து நிற்பார்கள். நின்றுகொண்டு பார்க்கிற கூட்டத்தில் மேடையேறுகிற பிள்ளைக்கு வழி இருக்காது.

வாசல்மேசை | ஆகஸ்ட் 8

தங்கச்சி சொல்வதில் எனக்கு உடன்பாடு உண்டு, பாதி வரைக்கும். அம்மா அப்பாவுக்கு இரண்டு டிக்கெட்டை விழாக் கட்டணத்துக்குள்ளேயே சேர்த்துவிடலாம். காசு வாங்காமல் விட்டாலும் டிக்கெட் கையில் கொடுத்தே ஆகணும், இல்லையென்றால் தலை எண்ண முடியாது. ஆனால் சின்னப் பள்ளிக்கு அது கட்டுப்படியாகுமா என்று டீச்சர்தான் சொல்லணும். இதில் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். இந்தச் செலவெல்லாம் சேரும்போதே தெரிந்திருந்தால் கோபம் இவ்வளவு வராது. அதைச் சேர்க்கைக் கேப்ஷன் பற்றிப் பேசும்போது எழுதுகிறேன்.

வாசல்மேசை | ஆகஸ்ட் 9

காசு வாங்குவது பற்றி. யூபிஐ-யில் அனுப்பிவிட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொல்வீர்கள். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பி டிக்கெட் கொடுக்காதீர்கள். பழைய படத்தில் தேதியை மாற்றி அனுப்புகிறவர்களும் உண்டு, பணம் பாதியில் நின்று திரும்பிப்போனது தெரியாமல் நல்ல மனசோடு அனுப்புகிறவர்களும் உண்டு. ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் 12 இலக்க எண் ஒன்று இருக்கும். அதைப் பள்ளிக் கணக்கில் வந்த வரவோடு ஒத்துப்பார்த்துவிட்டு டிக்கெட் எண்ணை அனுப்புங்கள். பணம் அனுப்பும்போது குறிப்பில் பிள்ளையின் பெயரும் வகுப்பு நாளும் எழுதச் சொல்லுங்கள். "சனி 4 மணி" என்று இருந்தால் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தாலும் குழப்பம் வராது.

டீச்சரின் சொந்த எண்ணைப் பொதுப் பதிவில் போடாதீர்கள். பள்ளிக்கென்று ஒரு எண் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் படத்தோடு முழுப்பெயரும் போட வேண்டாம்.

வயலின்காரர் | ஆகஸ்ட் 10

என் பங்குக்கு ஒன்று. கேப்ஷனில் "மாலை 5 மணி" என்று மட்டும் போடாதீர்கள். முதலில் குட்டிப் பிள்ளைகள் புஷ்பாஞ்சலி ஆடுவார்கள். அது முடிந்ததும் அவர்கள் வீட்டார் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புவார்கள். ஏழு மணிக்குப் பெரிய பெண் வர்ணம் எடுப்பாள். அந்தப் பெண் அரை மணி நேரத்துக்கு மேல் ஆட வேண்டிய உருப்படி அது, ஒரு வருஷம் அதற்காகவே உழைத்திருப்பாள். அப்போது பார்த்தால் பாதி நாற்காலி காலி. வாசிக்கிற எங்களுக்கே கை தளரும், ஆடுகிற பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

கடைசியில் மங்களத்துக்கு எல்லாப் பிள்ளைகளும் மேடையில் நிற்பார்கள் என்று கேப்ஷனிலேயே எழுதிவிட்டால் யாரும் போக மாட்டார்கள்.

புத்தூர் தங்கச்சி | ஆகஸ்ட் 10

சார், ஆறு வயசுப் பிள்ளைக்கு மதியம் இரண்டு மணிக்கு மேக்கப் போட்டுருவாங்க. தலையில ராக்குடி, ஜடை, பூ எல்லாம் சேர்த்து ஒரு கனம், கால்ல சலங்கை, இடுப்பை இறுக்கின ஒட்டியாணம். தண்ணி குடிச்சா லிப்ஸ்டிக் போகும்னு ஸ்ட்ரா வெச்சுக் குடுப்போம். ஒன்பது மணிக்கு மங்களத்துக்கு நிக்கணும்னா அது அழுதுரும். போன வருஷம் என் பொண்ணு திரைக்குப் பின்னாடி தூங்கியே போயிட்டா.

வாசல்மேசை | ஆகஸ்ட் 11

இருவர் சொல்வதும் சரி, இதற்கு முழுத் தீர்வு நானும் கண்டதில்லை. நாங்கள் இப்போது செய்வது: முதலில் பெரியவர்கள் ஒரு சின்ன உருப்படி, பிறகு குட்டிகள், உடனே வர்ணம், அதற்குப் பின்தான் இடைவேளை. குட்டிகளை முடித்ததும் இடைவேளை விட்டால் கூட்டம் கரையும். விடாவிட்டால் உட்கார்ந்த இடத்தில் வர்ணம் ஆரம்பித்துவிடும், பாதிப் பேராவது இருப்பார்கள். மற்றபடி, குட்டிகள் வேஷம் கலைத்துவிட்டு வீட்டாரோடு வந்து உட்காரலாம் என்று விட்டுவிட்டோம்.

கேப்ஷனில் ஒவ்வொரு குழுவுக்கும் நிமிடக் கணக்கில் நேரம் போடாதீர்கள். குத்துவிளக்கு ஏற்றுவது, விருந்தினர் பேச்சு என்று எப்படியும் தள்ளிப்போகும். "முதல் பகுதி 5 முதல் 7 வரை, சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகள் முதல் பகுதியில்" என்கிற அளவு போதும்.

பாலக்கரை பாட்டி | ஆகஸ்ட் 11

மண்டபத்தில் படி எத்தனை என்று யாராவது எழுதுவார்களா? முட்டி வலிக்காரி நான் போனமுறை மாடி ஏற முடியாமல் திரும்பி வந்தேன்.

வாசல்மேசை | ஆகஸ்ட் 11

பாட்டி கேட்டது டிக்கெட் கேப்ஷனில் இருக்க வேண்டிய வரிதான். லிஃப்ட் உண்டா, சக்கர நாற்காலி வருமா, கார் எங்கே நிறுத்துவது, மூன்றையும் போடுங்கள். ஆண்டு விழாவுக்கு வருகிறவர்களில் தாத்தா பாட்டிகள்தானே அதிகம்.

புது அம்மா | ஆகஸ்ட் 13

சேர்க்கை பற்றி யாரும் பேசவில்லையே. என் மகனுக்கு 5 வயசு. விஜயதசமிக்குச் சேர்க்கலாமா? பையன்களை எடுப்பார்களா என்று எந்தப் பள்ளியும் போடுவதில்லை. அரைமண்டி உட்கார்ந்தால் முட்டி தேயும் என்று மாமியார் பயமுறுத்துகிறார்.

வயலின்காரர் | ஆகஸ்ட் 13

பையன்களைத் தாராளமாக எடுப்பார்கள். 5 வயசில் தாளத்துக்குத் தட்டுவான், ஆனால் நின்று நிதானமாக ஆட வராது. என் மனைவி நாட்டியம் சொல்லிக்கொடுக்கிறார், ஆறரை, ஏழு வயதில்தான் எடுப்பார். தொடையை இடுப்பிலிருந்து திருப்பி, முட்டி கால்விரல் போகிற திசையிலேயே போனால் பயமில்லை. பாதத்தை மட்டும் திருப்பிவிட்டு முட்டி உள்ளே சாய்ந்தால்தான் வலி வரும். டீச்சர் அதைத் திருத்துகிறாரா என்று ஒரு வகுப்பு உட்கார்ந்து பாருங்கள்.

வாசல்மேசை | ஆகஸ்ட் 14

புது அம்மா கேட்டதையே சேர்க்கைக் கேப்ஷனின் முதல் வரியாக வைக்கலாம்: "6 வயது முதல், ஆண் பெண் இருபாலருக்கும்." அடுத்து கிழமை, நேரம். அடுத்து எத்தனை இடம். இடத்தை அறையை வைத்துச் சொல்லுங்கள். நாட்டடவில் கையை நீட்டிக் காலை எடுத்து வைக்கும்போது பக்கத்துப் பிள்ளை மேல் இடிக்கக்கூடாது. எங்கள் அறை 20-க்கு 15 அடி, அதில் 12 பிள்ளைக்கு மேல் எடுப்பதில்லை. "ஒரு வகுப்பில் 12 பேர் மட்டும்" என்று எழுதினால் பெற்றோருக்கு நம்பிக்கை வருகிறது.

அடுத்தது காசு. மாதம் 1,200 என்று மட்டும் எழுதிவிட்டு, பயிற்சிப் புடவை, விழா உடை வாடகை, மேக்கப், விழாப் பங்கு இவற்றைப் பிறகு ஒவ்வொன்றாக அவிழ்த்தால் தங்கச்சிக்கு வந்த கோபம் எல்லாருக்கும் வரும். தொகை இன்னும் முடிவாகவில்லை என்றாலும் "ஆண்டு விழாவில் பங்கேற்றால் உடை வாடகை, மேக்கப் தனி" என்று ஒரு வரி இருக்கட்டும். முதல் வருடம் என்ன வரும் என்பதையும் சொல்லுங்கள்: தட்டடவில் ஆரம்பித்து அடவுகள்தான், மேடை அடுத்த வருடம். அதைச் சொல்லாததால், சேர்ந்த நாலாவது மாதமே "எப்போ பாட்டுக்கு ஆடுவா?" என்று கேட்டு நின்றுவிடுகிறவர்கள் உண்டு.

விஜயதசமி அன்று என்ன கொண்டுவருவது என்பதற்கும் ஒரு வரி. வெற்றிலை, பாக்கு, பழம், பூ, தட்சிணை. தட்சிணை எவ்வளவு என்று கேட்பார்கள். "விருப்பப்படி" என்று எழுதிவிடுங்கள், டீச்சருக்கும் சங்கடமில்லை.

தில்லைநகர் அம்மா | ஆகஸ்ட் 14

டீச்சரிடம் காட்டிவிட்டு, டிக்கெட்டுக்கு இதைப் போட்டிருக்கிறேன்:

"ஆகஸ்ட் 31 ஞாயிறு மாலை 5 மணி, ஆண்டு விழா. டிக்கெட் 200 ரூபாய். மண்டபம்: படத்தில் உள்ள முகவரி, தரைத்தளம், படி இல்லை.
மாணவிகள் வீட்டுக்கு 3 டிக்கெட், ஆகஸ்ட் 17 வரை. கூடுதல் வேண்டுவோர் அதற்குள் பெயர் கொடுக்கவும். 18 முதல் பொதுமக்களுக்கு 60 டிக்கெட்.
4 வயது வரை மடியில், டிக்கெட் வேண்டாம்.
முதல் பகுதி 5 முதல் 7: சனிக்கிழமைப் பிள்ளைகளும் வர்ணமும். இடைவேளைக்குப் பின் பதம், தில்லானா. 8.30-க்கு மங்களம்.
பணம் அனுப்பும்போது பிள்ளை பெயர், வகுப்பு நாள் குறிப்பிடவும். டிக்கெட் எண் பள்ளி வாட்ஸப்பிலிருந்து வரும்.
புது வகுப்பு விவரம் செப்டம்பர் முதல் வாரம்."

முதல் வரி மட்டும் மடிப்புக்கு மேலே தெரிகிறது. டீச்சருக்குத்தான் கலையும் பக்தியும் போய்விட்டதே என்று வருத்தம்.

வாசல்மேசை | ஆகஸ்ட் 14

அந்த வரியைக் கடைசியில் போட்டுவிடுங்கள், அழகாக இருக்கும். இடம் நிறைய இருக்கிறது.

தில்லைநகர் அம்மா | ஆகஸ்ட் 21

வீட்டு டிக்கெட் முழுக்கப் போயிற்று. கூடுதலாக 29 கேட்டார்கள், மிச்சம் 4-ஐப் பொதுவில் சேர்த்தேன். 18-ஆம் தேதி திறந்த 64-இல் இன்று 41 போயிருக்கிறது. "கட்டணம் எவ்வளவு" இந்தத் தடவை ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக "வீடியோ எப்போ கிடைக்கும்" என்று கேட்கிறார்கள்.

புத்தூர் தங்கச்சி | ஆகஸ்ட் 21

வீடியோவுக்கும் தனிக் காசா?

வாசல்மேசை | ஆகஸ்ட் 22

அது கேமராக்காரரோடு என்ன பேசியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பேசிவிட்டு எழுதுங்கள், பேசாமல் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

64-உம் முடிந்த அன்றே பழைய கேப்ஷனைத் திருத்தி, முதல் வார்த்தையாக "டிக்கெட் முடிந்தது" என்று போடுங்கள். புதிதாக ஒரு பதிவு போட்டால் போதாது, பழையதைப் பகிர்ந்தவர்களிடம் அது போய்ச் சேராது. வாசலில் 14 இருக்கிறது என்பதையும் அங்கேயே, 4 மணிக்குத் திறக்கும், ஆளுக்கு இரண்டுதான் என்று சேர்த்து எழுதிவிடுங்கள்.